34 வருடம் ஒரே பள்ளி: விடைபெறும் கூட்டத்தில் அக்கா வாசிக்கப்போகும் ஸ்தோத்திர ஜெபம்

முக்கூடல் தம்பி · மார்ச் 9

அக்கா வருகிற மே 31-ல் ரிட்டயர் ஆகிறாள். சி.எஸ்.ஐ. நிர்வாகத்தில் இருக்கிற உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. 1991-ல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தவள், வேறு பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும்போதே வைத்துவிடலாம் என்று ஏப்ரலில் பாராட்டு விழா.

ஏற்புரை பேச மாட்டாளாம். “ஒரு ஸ்தோத்திர ஜெபம் எழுதிக் கொடு, அதை வாசிச்சிட்டு உட்கார்ந்துடுறேன்” என்கிறாள். பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள், இஸ்லாமியப் பிள்ளைகளும் உண்டு, ஆசிரியர்களும் அப்படித்தான். தலைமையாசிரியை ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். நான் கோயிலுக்குப் போகிறவன், எழுதுகிறவன் இல்லை. எங்கே தொடங்குவது?

சட்டம் படித்தவன் · மார்ச் 9

முதலில் இது கூடுமா என்று பாருங்கள். அரசுப் பணத்தில் சம்பளம் கொடுக்கிற பள்ளியில் மதப் போதனை கூடாது என்று அரசியல் சாசனம் 28-ஆவது பிரிவு சொல்கிறது. யாராவது மனு போட்டால் தலைமையாசிரியைக்குத்தான் தலைவலி.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 10

28-ல் பாதியைச் சொல்லிவிட்டீர்கள், மீதிப் பாதிதான் இங்கே வேண்டியது. முழுக்க அரசுப் பணத்திலேயே நடக்கிற நிறுவனத்தில் மதப் போதனை கூடாது என்பது முதல் உட்பிரிவு. உதவிபெறும் பள்ளிக்கு மூன்றாவது உட்பிரிவு: அங்கே நடக்கிற வழிபாட்டில் யாரையும் அவர் சம்மதமில்லாமல் கலந்துகொள்ள வைக்கக் கூடாது. பிள்ளையானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஓய்வு பெறுகிறவர் தன் நன்றியைத் தன் கடவுளிடம் சொல்லலாம். கூட்டத்தையே ஜெபிக்க வைப்பதுதான் தவறு.

ஆகவே “எல்லோரும் கண்களை மூடுவோம்” வேண்டாம், “ஜெபிப்போம்” வேண்டாம். “என் கடவுளுக்கு நன்றி சொல்லப் போகிறேன், கூட இருங்கள்” என்று ஒரு வரி போதும். ஜெபம் முழுக்க “நான்” இருக்கட்டும். “நாங்கள்” என்று எழுதினால் மூன்றாம் வகுப்பு பாத்திமாவின் வாயிலும் அந்த வார்த்தையை வைக்கிறோம்.

உதவிபெறும் பள்ளியில்தான் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். இப்படிப்பட்ட ஜெபங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன், சிலருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். கெட்டுப்போகிற ஜெபங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் கெடும். கடவுளிடம் பேசுகிற பாவனையில் மேடையில் இருக்கிறவர்களிடம் பேசுவார்கள். “எங்கள் மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்கள் கட்டிக் கொடுத்த புதிய கட்டடத்துக்காக ஸ்தோத்திரம்” என்பது கடவுளுக்குச் சொல்லும் செய்தி அல்ல, அவருக்கு அது தெரியும்.

பென்ஷன் ஃபைல் · மார்ச் 10

ஜெபம் கிடக்கட்டும். பணிப்பதிவேட்டில் எல்லாப் பதிவும் சரியாக இருக்கிறதா? பென்ஷன் கருத்துரு ஏ.ஜி. ஆபீசுக்குப் போய்விட்டதா? எனக்கு ஒரு ஊக்க ஊதியப் பதிவில் கையெழுத்து விட்டுப்போய் மாதக்கணக்கில் இழுத்தது. விழாவில் பொன்னாடை போட்டார்கள், பணம் வரவில்லை.

முக்கூடல் தம்பி · மார்ச் 11

அண்ணே, கருத்துரு போய்விட்டது. ஜெபத்துக்கு வாங்க.

அக்கா ஒன்று சொல்லிவிட்டாள்: “எபெனேசர்” வசனம் கட்டாயம் வேண்டும். அழைப்பிதழிலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 11, இரவு

இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார் என்கிற அந்த வசனம் எங்கள் பக்கத்தில் புதுவீடு, கல்யாணம், பணி நிறைவு எல்லா அழைப்பிதழிலும் இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது 1 சாமுவேல் 7-ஆம் அதிகாரம். பெலிஸ்தரை முறியடித்த பிறகு, மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் ஒரு கல்லை நாட்டிச் சொன்னது. அப்போது அவருக்கு இன்னும் வேலை கிடந்தது, பல காலம் ஊர் ஊராகப் போய் நியாயம் விசாரித்தார். பணியின் நடுவில் சொன்ன வார்த்தை அது.

அதே சாமுவேல் பொறுப்பை விட்டு விலகுகிற நாள் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அக்காவை அதை வாசிக்கச் சொல்லுங்கள். நான் கிழவன், நரைத்துப்போனேன் என்று தொடங்குகிறார். சின்ன வயது முதல் இந்நாள் வரை உங்கள் முன் நடந்தேன் என்கிறார். அடுத்து அவர் கேட்பதுதான் ஆச்சரியம். யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரை ஒடுக்கினேன், யார் கையில் லஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று கூட்டத்தைப் பார்த்தே கேட்கிறார். ஜனங்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். நம் விழாக்களில் கூட்டம் போகிறவரைப் புகழும், அவர் நன்றி சொல்லுவார். அங்கே போகிறவர் தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுகிறார்.

இன்னொன்று அதே அதிகாரம் 23-ஆம் வசனம். உங்களுக்காக ஜெபிக்காமல் போனால் அது எனக்குப் பாவம் என்கிறார். பதவி முடிகிறது, இது முடியவில்லை. ஒரு வாத்தியார் ஓய்வு பெறும் நாளில் சொல்ல இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரியாது. எபெனேசர் அழைப்பிதழில் இருக்கட்டும். ஜெபத்தின் முதுகெலும்பு 12-ஆம் அதிகாரமாக இருக்கட்டும்.

திருச்சி கணக்கு டீச்சர் · மார்ச் 12

எங்களுடையது கன்னியர் நடத்தும் பள்ளி. காலையில் நன்றித் திருப்பலி, மன்றாட்டு எல்லாம் கோயிலிலேயே முடிந்துவிடும், விழா மேடையில் பேச்சும் பாட்டும்தான். அது நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன். வர விரும்புகிறவர்கள் மட்டும் கோயிலுக்கு வருவார்கள்.

எழுதுவதானால் ஒரு வரி சேர்க்கலாம். கூட வேலை பார்த்து இறந்துபோன ஆசிரியர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 12

டீச்சர், காலையில் கோயிலில் முடிப்பது நல்ல வழிதான். ஆனால் சத்துணவு சமைக்கிற அம்மாவும் இஸ்லாமிய சாரும் அங்கே வர மாட்டார்கள், அக்கா நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்காகவும்தான்.

இறந்தவர்கள் வரி அவசியம் வேண்டும், ஆனால் சி.எஸ்.ஐ. மேடையில் அந்த உருவில் வராது. நாங்கள் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டுவதில்லை, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்காக ஸ்தோத்திரம் சொல்வோம். அப்படி மாற்றினால் இந்து, இஸ்லாமிய ஆசிரியர்களையும் அந்த ஒரே வரியில் சேர்த்துச் சொல்லலாம், அவர்கள் வீட்டாருக்கும் உறுத்தாது.

முக்கூடல் தம்பி · மார்ச் 16

முதல் வரைவு எழுதிவிட்டேன், நாலு பக்கம். அதில் ஏழு தாளாளர்கள், ஆறு தலைமையாசிரியர்கள், எல்லாரும் பெயரோடு. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற சித்தி வேறு வந்து, “எழுதி வாசிக்கிறது ஜெபமா? ஆவியானவர் தருவார், சும்மா நில்லு” என்கிறாள். அக்கா குழம்பிப்போய் இருக்கிறாள்.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 16, இரவு

சித்திக்கு மரியாதையாகச் சொல்லுங்கள்: எழுதிய ஜெபத்தை வைத்துத்தான் ஆங்கிலிக்கன் சபைகள் முந்நூறு வருடத்துக்கு மேலாக நன்றி சொல்லி வருகின்றன. 1662-ஆம் வருட ஜெபப் புத்தகத்தில் சேர்ந்த பொது ஸ்தோத்திரத்தை நாரிச் பேராயராக இருந்த எட்வர்ட் ரெய்னால்ட்ஸ் எழுதினார். அழுகை வருகிற நாளில் எழுதிய தாள்தான் கைகொடுக்கும். 34 வருடம் ஒரே நிமிடத்தில் நெஞ்சுக்கு வரும்போது எழுதாதவர்கள் “ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்” என்றே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஜெபம்தான். ஆனால் அக்கா சொல்ல நினைத்தது சொல்லப்படாமல் போய்விடும்.

ரெய்னால்ட்ஸின் ஜெபத்திலிருந்து எடுக்க வேண்டியது அதன் வரிசை. உண்டாக்கினதற்கு நன்றி, காத்ததற்கு நன்றி, இந்த வாழ்வின் எல்லா நன்மைக்கும் நன்றி, எல்லாவற்றுக்கும் மேலாக மீட்பின் அன்புக்கு நன்றி. இவ்வளவும் ஆன பிறகுதான் விண்ணப்பம். அதுவும், வாயினால் மட்டுமல்ல, வாழ்க்கையினாலும் துதிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் போய் நிற்கும். நன்றி பல, விண்ணப்பம் ஒன்று. நம்மவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். ஒரு நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல மதிப்பெண், பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர், நாட்டுக்கு மழை என்று பட்டியல் போடுவார்கள்.

நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்குங்கள். பெயர்கள் முழுவதையும் எடுத்துவிடுங்கள். ஏழு தாளாளரைச் சொல்லி எட்டாமவரை விட்டால் அவர் வீட்டில் அது ஒரு வருடம் ஓடும். பெயருக்குப் பதில் கையைச் சொல்லுங்கள்: வகுப்பறையைத் திறந்த கை, மணி அடித்த கை, சோறு வடித்த கை. அந்தக் கைக்கு உரியவர் கூட்டத்தில் எங்கே இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார். தாளாளருக்கான நன்றி நன்றியுரையில் பெயரோடு வரட்டும், அதற்குத்தான் நன்றியுரை.

99 பேட்ச் · மார்ச் 17

இதே மாதிரி உதவிபெறும் பள்ளியில் படித்தவன், இந்து. எங்கள் டீச்சர் ஓய்வு பெறும்போது ஜெபம் வாசித்தார். யார் பெயரும் சொல்லவில்லை. “மழை நாளில் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைக்காக” என்றார். அப்படி வந்தவர்கள் நாங்கள் பல பேர். ஒவ்வொருவனும் அது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் சாமி வேறு, அவர் சாமி வேறு என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆனால் அதற்கு முன் ஒரு பாதிரியார் வந்து எங்களையெல்லாம் எழுப்பி நிறுத்திக் கைகூப்பச் சொன்னது பிடிக்கவில்லை. என் அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

முக்கூடல் தம்பி · மார்ச் 20

ஒரு சிக்கல். சாமுவேல் 12 வாசித்ததிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனைப் பிரம்பால் அடித்திருக்கிறாள், கை வீங்கிவிட்டது. ஃபீஸ் பணம் காணோம் என்று அடித்தாள், பிறகு பணம் வேறு இடத்தில் கிடைத்தது. அந்தப் பையன் அந்த வருடத்தோடு நின்றுவிட்டான். “எல்லாரும் இருக்கும்போது ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கணும்” என்கிறாள்.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 20, இரவு

கடவுளிடம் கேட்கட்டும், ஆனால் மேடையில் அல்ல. அந்தப் பையன் அங்கே இருந்தால் கூட்டம் முழுக்க அவனைத் திரும்பிப் பார்க்கும், திருடன் என்று அடி வாங்கினவன் இவன்தான் என்று. இல்லாவிட்டால் அவன் இல்லாத இடத்தில் அவனுடைய மன்னிப்பை எடுத்துக்கொள்வதாகிவிடும். சாமுவேல் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்னால் நின்று கேட்டார், திருப்பித் தருகிறேன் என்றார். அதன்படி நடப்பதானால் அக்கா முதலில் போக வேண்டிய இடம் அவன் வீடு.

99 பேட்ச் · மார்ச் 21

எனக்கு உடன்பாடில்லை. அடித்தது எல்லோர் முன்னாலும். மன்னிப்பு மட்டும் தனியாகவா? பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதிய பிறகும் பிரம்பைத் தேடுகிற டீச்சர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய டீச்சர் மேடையில் நின்று அது தப்பு என்று சொன்னால் அவர்கள் காதில் விழும்.

திருச்சி கணக்கு டீச்சர் · மார்ச் 21

இரண்டும் சரிதான் போலிருக்கிறது. முதலில் அவரிடம் போகட்டும், மேடை பற்றி அவரே சொல்லட்டும். எங்கள் முறையில் இதற்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, மேடை வேண்டியதில்லை.

முக்கூடல் தம்பி · மார்ச் 30

போனாள், நானும் கூடப் போனேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறார், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அக்கா சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “அடி ஞாபகம் இருக்கு டீச்சர். பணம் கிடைச்சது எனக்கு யாரும் சொல்லலையே” என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தார். பள்ளியை விட்டது அந்த அடியால் இல்லையாம், அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனதால் குடும்பமே போனதாம். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. விழாவுக்கு வர முடியாது, லோடு இருக்கிறது என்றார். மேடையில் சொல்லட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, “என் பேரை இழுக்காதீங்க” என்றார்.

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் பேசவே இல்லை. வரைவு கீழே.

> என்னை உண்டாக்கினவரே, இந்நாள் வரை என்னைச் சுமந்தவரே, உமக்கு ஸ்தோத்திரம்.
>
> 1991-ல் ஓட்டுக்கூரை வகுப்பில் கை நடுங்க நின்றேன். கரும்பலகைக்குத் திரும்பி நின்று பயத்தை மறைத்தேன். அந்தப் பயத்தை எடுத்துப்போட்டதற்காக ஸ்தோத்திரம்.
>
> எனக்கு முன்னே வந்து வகுப்பைப் பெருக்கித் திறந்து வைத்த கைகளுக்காக, மணி அடித்த கைகளுக்காக, மதியம் சோறு வடித்த கைகளுக்காக ஸ்தோத்திரம்.
>
> என்னைவிடப் பெரிய படிப்புப் படித்த பிள்ளைகளுக்காகவும், படிப்பு வராவிட்டாலும் தெருவில் கண்டால் சைக்கிளை நிறுத்துகிற பிள்ளைகளுக்காகவும் ஸ்தோத்திரம்.
>
> என்னோடு வேலை செய்து, இன்று இந்தப் பந்தலில் இல்லாதவர்களின் வாழ்க்கைக்காக ஸ்தோத்திரம்.
>
> நான் தவறாகத் தீர்ப்புச் சொன்ன பிள்ளைகளை நீர் கைவிடவில்லை. அதற்காக ஸ்தோத்திரம்.
>
> எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்காக உம்மைத் தந்த அன்புக்காக ஸ்தோத்திரம்.
>
> ஒரே விண்ணப்பம். என் நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு என்னைவிட அதிகப் பொறுமை தாரும். என் வேலை முடிகிறது. இந்தப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிற வேலை முடியாதபடி என்னைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 30, இரவு

“தவறாகத் தீர்ப்புச் சொன்ன பிள்ளைகள்” என்ற வரியில் யாருடைய பெயரும் இல்லை, அந்தத் தம்பியின் சொல் காக்கப்பட்டிருக்கிறது. 99 பேட்ச் கேட்டதும் ஓரளவு வந்துவிட்டது. விண்ணப்பம் “ஒரே” என்று சொல்லி இரண்டு கேட்கிறாள். “ஒரே விண்ணப்பம்” என்பதை எடுத்துவிட்டால் போதும், இரண்டும் இருக்க வேண்டியவை.

பென்ஷன் ஃபைல் · மார்ச் 31

“என் நாற்காலியில் உட்காரப்போகிறவர்” வேண்டாம். உதவிபெறும் பள்ளியில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்வார்கள். தொடக்க வகுப்புக்கு முப்பது பிள்ளைக்கு ஒருவர் என்பது கணக்கு. பிள்ளைகள் குறைந்திருந்தால் இடம் உபரி. எங்கள் பள்ளியில் என் நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கிறது. மிச்சமிருக்கிற டீச்சர்கள் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு இந்த வரியைக் கேட்டால் மனசு கஷ்டப்படும்.

சாயர்புரம் வாத்தியார் · மார்ச் 31

இது எனக்குத் தோன்றவே இல்லை, சரியான பேச்சு. “என் வகுப்பையும் சேர்த்துச் சுமக்கப்போகிறவர்களுக்கு என்னைவிட அதிகப் பொறுமையும் பலமும் தாரும்” என்று மாற்றுங்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பொருந்தும்.

இனி வாசிக்கிற விஷயம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில், ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் நடுவே இடம் விட்டு எழுதுங்கள். கண் கலங்கும்போது வரி தப்பினால் அந்த இடைவெளிதான் பிடிமானம். மாலையையும் பொன்னாடைகளையும் கழற்றி வைத்துவிட்டு மைக்குக்கு வரட்டும். ஏலக்காய் மாலை கழுத்தில் கிடந்தால் தாளைக் குனிந்து பார்க்க முடியாது. ஜெபம் நன்றியுரைக்கு முன்னால் வரட்டும். நாட்டுப்பண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லோரும் எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று தடுமாறுவார்கள். நன்றாகப் பழகிய ஒரு டீச்சரிடம் இன்னொரு பிரதி இருக்கட்டும். அக்காவுக்குக் குரல் உடைந்தால் அவர் விட்ட இடத்திலிருந்து வாசித்து முடிக்கலாம்.

வீட்டில் சத்தம் போட்டு வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மனதுக்குள் வாசித்தால் சரியாக இருக்கும் வரி வாயில் மாட்டும். “முடியாதபடி என்னைக் காத்துக்கொள்ளும்” என்ற இடம் மாட்டும் என்று நினைக்கிறேன்.

முக்கூடல் தம்பி · ஏப்ரல் 2

மாட்டியது. “பிள்ளைகளுக்காக ஜெபிக்கிற வேலை மட்டும் எனக்கு ஓயவே வேண்டாம்” என்று அக்காவே மாற்றிக்கொண்டாள்.

சாயர்புரம் வாத்தியார் · ஏப்ரல் 2

நம்மில் யார் எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அப்படியே விடுங்கள்.

முக்கூடல் தம்பி · ஏப்ரல் 12

விழா முடிந்தது. “எழுந்து நிற்போம்” என்று நிகழ்ச்சி நடத்தியவர் ஆரம்பித்தார், அக்கா கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டாள். “என் கடவுளுக்கு நன்றி சொல்றேன், நீங்க சும்மா கூட இருங்க பிள்ளைங்களா” என்றாள். சோறு வடித்த கைகள் என்ற இடத்தில் சத்துணவுக்கார அம்மா வாய்விட்டு அழுதுவிட்டார், அவரைப் பார்த்து அக்காவும் நின்றுவிட்டாள். இரண்டாவது பிரதி வைத்திருந்த டீச்சர் எழுந்து வந்தார், ஆனால் அக்காவே முடித்தாள். பந்தலில் இல்லாதவர்கள் என்ற வரி வந்தபோது மறைந்த அரபி சாருடைய மகன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன்.

தவறாகத் தீர்ப்புச் சொன்ன பிள்ளைகள் வரியை வாசித்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு அது போதவில்லை என்றே படுகிறது, 99 பேட்ச் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் கேட்டால், “அந்தத் தம்பி வேண்டாம்னு சொன்ன பிறகு நான் யாரு” என்கிறாள்.

தாளாளருக்குக் கொஞ்சம் வருத்தம், தன் பெயர் ஜெபத்தில் வரவில்லை என்று.

99 பேட்ச் · ஏப்ரல் 12

அடுத்து ஓய்வு பெறுகிற டீச்சராவது பெயர் சொல்லாமல் “பிரம்பை எடுத்தேன், எடுத்திருக்கக் கூடாது” என்று நேராகச் சொல்ல வேண்டும். அதில் நான் மாறவில்லை.

திருச்சி கணக்கு டீச்சர் · ஏப்ரல் 13

இந்த ஜெபத்தை எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு அடுத்த வருடம்.

சாயர்புரம் வாத்தியார் · ஏப்ரல் 13

வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், வரிகளை எடுக்காதீர்கள் டீச்சர். ஓட்டுக்கூரையும் சைக்கிளும் அந்தப் பள்ளியுடையவை. உங்கள் வகுப்பில் எது இருந்தது, யாருடைய கை எதைச் செய்தது என்று இப்போதிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இறந்தவர்கள் வரியை உங்கள் சபை முறைப்படி மன்றாட்டாகவே வைக்கலாம், ஆனால் வேறு மதத்து ஆசிரியர் யாராவது இறந்திருந்தால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு முதல் வரைவை இங்கே போடுங்கள், பார்க்கலாம். 99 பேட்ச் கேட்கிற வரி உங்களுக்கு வேண்டுமா என்பதையும் அதற்குள் யோசித்து வையுங்கள்.